பண அளிப்பும் பொன் விலையும்: ஒரு வரைபடத்தின் மீது சில ஐயங்கள்

நாட்டில் பணம் பெருகப் பெருகப் பொன்னின் விலையும் அதே அளவுக்கு ஏறும் என்பது இன்று பலரும் ஒப்புக்கொண்ட கருத்தாகிவிட்டது. இதனை மெய்ப்பிக்க ஒரு வரைபடத்தைக் காட்டுகின்றனர். கீழிருந்து மேலாக இரண்டு கோடுகள் செல்லும். ஒன்று பண அளிப்பு, மற்றொன்று பொன் விலை. இரண்டும் கைகோத்து மலையேறும் இருவரைப்போல் காணப்படும். படத்தின் அடியில், அரசாங்கம் நோட்டு அடிப்பதை நிறுத்தப் போவதில்லை, ஆகையால் பொன்னும் ஏறுவதை நிறுத்தப் போவதில்லை என்ற முடிவும் இருக்கும்.

இப்படத்தை நான் புறக்கணித்திருப்பேன். ஜுருவில் என் வீட்டுக்கு அருகில் வாழும் அன்பர் ஒருவர், பிறைத் தொழிற்சாலையொன்றில் நெடுநாள் உழைத்து ஐம்பத்தைந்தாம் வயதை எட்டியவர், சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்துப் பொன் வாங்கிவிடலாமா என்று இப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "ஐயா, நீங்கள் கணக்கு வாத்தியார், இந்தக் கோடு பொய் சொல்லுமா?" என்பது அவர் வினா. கோடு பொய் சொல்லவில்லை. ஆனால் கோட்டிலிருந்து பெற்ற முடிவு கோட்டில் இல்லை. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பண அளிப்பு என்பது யாது எனத் தெளிவு செய்துகொள்வோம். பலர் அதனை அச்சடித்த நோட்டு என்றே எண்ணுகின்றனர். பொருளாதார நூல்களில் வழங்கும் விரிந்த பண அளிப்பு என்பது, மக்கள் கையிலுள்ள நோட்டும் நாணயமும், வங்கிகளில் நினைத்தபோது எடுக்கக்கூடிய கணக்குகளும், தவணை வைப்புகளும் ஆகிய எல்லாம் சேர்ந்த தொகையாகும். இந்திய ரிசர்வ் வங்கி இதனை எம்-3 என்னும் பெயரால் வெளியிடுகின்றது. 1971 மார்ச்சில் அந்நாட்டின் எம்-3 ஏறத்தாழ 11,000 கோடி ரூபாய். அதில் பத்தில் நான்கு பங்கு மக்கள் கையில் இருந்த நோட்டும் நாணயமும் ஆகும். ஐம்பதாண்டு கழித்து, 2021 மார்ச்சில் எம்-3 ஏறத்தாழ 188 இலட்சம் கோடி. அதில் நோட்டும் நாணயமும் பத்தில் ஒன்றரைப் பங்குதான். எஞ்சியதெல்லாம் வங்கி வைப்பு. எனவே, 'நோட்டு அடித்தார்கள்' என்ற சொல்லே பாதி உண்மையைத்தான் கூறுகின்றது. வங்கி கடன் கொடுக்கும்பொழுது வைப்பு பிறக்கின்றது. மக்கள் பெட்டியில் இருந்த பணத்தை வங்கிக்குக் கொண்டுவரும்பொழுது கடன் கொடுக்கும் ஆற்றல் வங்கிக்குக் கூடுகின்றது.

மலேசியரான நாம் இந்தியக் கணக்கை எடுத்துக்கொள்வது ஏன் எனச் சிலர் கேட்கலாம். காரணம் எளியது. ரிசர்வ் வங்கி ஐம்பதாண்டுப் பண அளிப்பையும் பம்பாய்ச் சந்தையின் பொன் விலையையும் ஒரே தொகுப்பில் அட்டவணையாக வெளியிட்டு வருகின்றது. நம் மக்கள் பொன்னைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணங்களில் பெரும்பகுதியும் அம்மண்ணிலிருந்து வந்தவையே. நம் ரிங்கிட் கணக்கைப் பின்னர்ப் பார்ப்போம்.

பம்பாய்ச் சந்தையில் பத்துக் கிராம் பொன்னின் ஆண்டுச் சராசரி விலை 1970-71 இல் 184 ரூபாய். 1980-81 இல் 1,522. 1990-91 இல் 3,452. 2000-01 இல் 4,474. 2010-11 இல் 19,227. 2020-21 இல் 48,723. இவ்விலைகளைத் தொடர்ந்து ஒரு கோடாக வரைந்தால் மேலேறும் கோடுதான் கிடைக்கும். எம்-3 ஐ வரைந்தாலும் மேலேறும் கோடுதான் கிடைக்கும். ஐம்பதாண்டுக்கு ஏறிச் செல்லும் எந்த இரண்டு பொருளை வரைந்தாலும் அவை ஒன்றோடொன்று ஒட்டிச் செல்வது போலவே தோன்றும். பினாங்கில் பள்ளி செல்லும் பிள்ளைகளின் தொகையையும் பம்பாய்ப் பொன் விலையையும் ஒரே தாளில் வரைந்தாலும் அவ்வாறு தோன்றக்கூடும். இரு கோடுகளின் உருவத்தைப் பார்ப்பதைவிட, ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒவ்வொன்றும் எத்தனை மடங்காயிற்று என்று பார்ப்பதே சரியான சோதனை. ஆறாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய வகுத்தல் கணக்கு அது.

அவ்வாறு வகுத்துப் பார்த்தபோது எனக்கே வியப்பு உண்டாயிற்று. எழுபதுகளில் எம்-3 ஐந்து மடங்காயிற்று. எண்பதுகளில் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு. தொண்ணூறுகளில் ஏறத்தாழ ஐந்து. 2000-01 முதல் 2010-11 வரையிலும் ஏறத்தாழ ஐந்து. ஆட்சிகள் மாறின, பஞ்சம் வந்தது, போர் வந்தது, பொருளாதாரக் கொள்கையே தலைகீழாக மாறிற்று, ஆயினும் நாற்பதாண்டுக் காலம் பத்தாண்டுக்கு ஐந்து மடங்கு என்ற அளவு அசையவில்லை. கடைசிப் பத்தாண்டில்தான் அது மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகத் தணிந்தது.

அதே காலத்தில் பொன் என்ன செய்தது? எழுபதுகளில் எட்டு மடங்குக்கு மேல் ஏறிற்று. எண்பதுகளில் இரண்டே கால் மடங்கு. தொண்ணூறுகளில் ஒன்றே கால் மடங்கு என்று சொல்லத்தக்க அளவே. அடுத்த பத்தாண்டில் நான்கு மடங்குக்கு மேல். அதற்கடுத்த பத்தாண்டில் இரண்டரை மடங்கு.

காரணம் என்று சொல்லப்படுவது நாற்பதாண்டு ஒரே சீராக இருக்க, விளைவு என்று சொல்லப்படுவது எட்டு, இரண்டே கால், ஒன்றே கால், நான்கு என்று ஆடினால், அவ்வாட்டத்துக்கு அக்காரணம் பொறுப்பாக இருக்க முடியாது. அடுப்பின் தீ ஒரே அளவாக எரியும்பொழுது உலை ஒரு நேரம் பொங்கி ஒரு நேரம் ஆறினால், தீயையல்ல, வேறெதையோ தேட வேண்டும். ஒரு சிறு குறையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எம்-3 கணக்கு மார்ச்சுக் கடைசியில் எடுக்கப்படுவது. பொன் விலை ஆண்டுச் சராசரி. ஆனால் எட்டுக்கும் ஒன்றே காலுக்கும் உள்ள வேறுபாட்டை இச்சிறு பிசகு உண்டாக்காது.

வேறெது என்று தேடுவோம். ஓர் ஊரில் உள்ள பொன் விலை மூன்று எண்களின் பெருக்கற்பலன் என்று கொள்ளலாம். முதலாவது, உலகச் சந்தையில் ஓர் அவுன்சுக்கு எத்தனை டாலர் என்பது. இரண்டாவது, ஒரு டாலருக்கு உள்ளூர்ப் பணம் எவ்வளவு என்பது. மூன்றாவது, நாட்டின் எல்லையில் எழுப்பப்பட்ட மதில் எவ்வளவு உயரம் என்பது. அதாவது வரியாலும் தடையாலும் உள்ளூர் விலை உலக விலையைவிட எவ்வளவு கூடியிருக்கின்றது என்பது.

இந்தியாவில் அம்மதில் மிக உயரமாக இருந்தது. 1963 இல் பொன் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட தரத்தில் புதிய நகை செய்யக்கூடாது என்றன. தமிழ்நாட்டுப் பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டறையை மூடிவிட்டுக் கூலி வேலைக்குச் சென்ற கதை இங்கேயும் அறியப்பட்டதே. 1968 இல் பொன் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1990 இல்தான் அது நீக்கப்பட்டது. இடைக்காலத்தில் பொன்னை இறக்குமதி செய்ய நேர்வழி ஏறக்குறைய இல்லை; கள்ளக் கடத்தல்தான் வழி. கடத்தல்காரனின் ஆபத்துக்கும் ஆதாயத்துக்கும் உரிய தொகையை நகை வாங்கிய தாய்மாரே செலுத்தினர். 1970-71 இல் உலகச் சந்தையில் பத்துக் கிராம் பொன் இந்தியப் பணத்தில் ஏறத்தாழ 87 ரூபாய்தான். பம்பாயில் 184. இரு மடங்குக்கும் மேல்!

தொண்ணூறுகளின் கணக்கை மட்டும் முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். புதிர் மிக்க பத்தாண்டு அதுவே. உலக விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 380 டாலராக இருந்து 277 டாலருக்கு இறங்கிற்று. அதாவது நூறு ரூபாய்ப் பொருள் 73 ரூபாய் ஆயிற்று. டாலர் 17 ரூபாய் 90 காசிலிருந்து 45 ரூபாய் 70 காசுக்கு ஏறிற்று. அது இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். மதிலோ சரிந்தது. கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியது. 1992 முதல் வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியர் வரி கட்டிப் பொன் கொண்டுவரலாம் என்றானது. 1997 இல் வங்கிகளே இறக்குமதி செய்ய அனுமதி பெற்றன. 1990-91 இல் உலக விலையைவிட நூற்றுக்கு 57 வீதம் கூடியிருந்த பம்பாய் விலை, 2000-01 இல் நூற்றுக்கு 10 வீதம் மட்டுமே கூடியிருந்தது. ஆகவே மதிலின் பங்கு 0.70. இனிப் பெருக்குக: 0.73, 2.55, 0.70. விடை 1.30. பம்பாயில் பொன் ஏறியதும் 1.30 மடங்கே. கணக்கு முடிந்துவிட்டது, பண அளிப்பு இதனுள் நேரே எங்கும் வரவில்லை.

நேரே வரவில்லை என்றுதான் சொன்னேன்; அடியோடு வரவில்லை என்று சொல்லவில்லை. டாலருக்கு ரூபாய் எவ்வளவு என்ற இரண்டாம் எண்ணுக்குள் அது ஒளிந்திருக்கின்றது. அமெரிக்காவைவிட இந்தியாவில் பணம் விரைந்து பெருகி, பொருள் விலையும் விரைந்து ஏறியதால், ரூபாயின் மதிப்பு இறங்கியது. அதுவும் படிப்படியாக இறங்கவில்லை. 1991 ஜூலையில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலையில் இரண்டே நாள் இடைவெளியில் இரு தடவை மதிப்புக் குறைத்தார்கள். அதே மாதத்தில் இந்திய அரசின் சார்பில் ஏறத்தாழ 47 டன் பொன் இங்கிலாந்து வங்கிக்கு விமானமேறிற்று, அடகுப் பொருளாக. குடும்பத்துக்கு ஆபத்து வரும்போது தாலிக்கொடியை அடகுக்கடைக்குக் கொண்டு செல்லும் பெண்ணை நாம் ஏளனம் செய்வதில்லை. ஒரு பெரிய நாடும் அதனையே செய்தது.

இப்பொழுது ஐம்பதாண்டையும் ஒன்றாக நோக்குவோம். எம்-3 ஏறத்தாழ 1,700 மடங்காயிற்று. பொன் 264 மடங்காயிற்று. 1970-71 இல் எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுன் ஏறத்தாழ 148 ரூபாய். அது பண அளிப்புக்கு ஈடாக ஏறியிருந்தால் 2020-21 இல் இரண்டரை இலட்ச ரூபாய் ஆகியிருக்கும். உண்மையில் அது ஏறத்தாழ 39,000 ரூபாய். 'பண அளிப்பின் நிழலே பொன் விலை' என்பார் இவ்விரு தொகைகளுக்கும் இடையேயுள்ள தொலைவை விளக்க வேண்டும்.

விளக்கம் இல்லாமலில்லை. 1,700 மடங்கில் நாலு மடங்கு மக்களின் வங்கிப் பழக்கத்தால் வந்தது. 1969 இல் பதினான்கு வங்கிகளும் 1980 இல் மேலும் ஆறும் நாட்டுடைமையாகிச் சிற்றூர்களுக்கும் கிளைகள் சென்றன. 1970-71 இல் நாட்டின் ஓராண்டு உற்பத்தியின் மதிப்பில் ஏறத்தாழக் கால் பங்காக இருந்த எம்-3, 2020-21 இல் அவ்வுற்பத்தியின் மதிப்புக்கே ஏறக்குறையச் சமமாயிற்று. பானையிலும் பரணிலும் இருந்த சேமிப்பு வங்கி ஏட்டுக்கு வந்துவிட்டால், விலைவாசிக்கு அதனால் ஏற்றமில்லை. எம்-3 மட்டும் பெருகிக் காட்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தவணை வைப்பு பொன்னுக்குப் போட்டிப் பொருள். ஒரு தாய் தன் சங்கிலியை விற்று அப்பணத்தை வங்கியில் வைத்தால் பொன்னின் தேவை குறைகின்றது, வைப்பு கூடுகின்றது. பண அளிப்பின் ஏற்றம் பொன்னுக்கு மாறாகவும் வேலை செய்யும் இடம் இது. எஞ்சிய 400 மடங்கிலும் ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு உற்பத்தியே உண்மையில் பெருகியதால் வந்தது: நெல் கூடிற்று, துணி கூடிற்று, வீடும் பாலமும் கூடின. கூடிய பொருளுக்குக் கூடிய பணம் வேண்டியதே. இவையெல்லாம் போக மீந்ததுதான் விலைவாசியில் இறங்கியது. தொழிலாளர் நுகர்வு விலைக் குறியெண் இவ்வைம்பதாண்டில் ஏறத்தாழ 40 மடங்காயிற்று.

பொன் 264, விலைவாசி 40. எனவே பொன் விலைவாசியை ஆறு மடங்கு வென்றுவிட்டதே என்று என் அண்டை வீட்டு அன்பர் மகிழ்ந்தார். இங்கேதான் தொடக்க ஆண்டு என்னும் பொறி இருக்கின்றது. 1934 முதல் பொன் விலை அவுன்சுக்கு 35 டாலர் என்று அமெரிக்க அரசாங்கத்தால் கட்டிவைக்கப்பட்டிருந்தது. மற்றப் பொருள்களின் விலை ஏறியபோதும் பொன் ஏறவிடவில்லை. 1971 ஆகஸ்டு 15 இல் அதிபர் நிக்சன் டாலருக்கும் பொன்னுக்கும் இருந்த கட்டை அவிழ்த்தார். அணையில் தேங்கிய நீர் மதகு திறந்தவுடன் பாய்வதுபோல் விலை பாய்ந்தது. 1980 ஜனவரி 21 இல் இலண்டனில் 850 டாலரைத் தொட்டது. 1970 ஐத் தொடக்கமாகக் கொள்வோர் முப்பத்தைந்தாண்டுத் தேக்கத்தையும் சேர்த்தே தம் கணக்கில் எழுதிக்கொள்கின்றனர். தொடக்கத்தைப் பத்தே ஆண்டு தள்ளி 1980-81 என்று வைத்தால், 2020-21 வரை விலைவாசி ஏறத்தாழ 19 மடங்கு, பொன் 32 மடங்கு. ஆறு மடங்கு வெற்றி இரண்டு மடங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது.

அன்பர் காட்டிய வரைபடம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. அது தற்செயலாக இருக்கலாம். 2000-01 முதல் 2020-21 வரை எம்-3 பதினான்கு மடங்கு, பொன் பதினொரு மடங்கு. கோடுகள் உண்மையிலேயே நெருங்கிச் செல்கின்றன. ஆனால் 1980-81 முதல் 2000-01 வரை அதே இருபதாண்டு நீளத்துக்கு ஒரு படம் வரைந்திருந்தால், எம்-3 இருபத்துமூன்று மடங்குக்கு மேல், பொன் மூன்று மடங்குக்கும் குறைவு. முதற்படத்தை அச்சிடுவார் உண்டு. இரண்டாம் படத்தை அச்சிடுவாரை நான் கண்டதில்லை. பொன் வாணிகருக்கு அதனால் என்ன பயன்?

இனி நம் நாட்டுக் கணக்கு. நம் வெள்ளியில், அதாவது ரிங்கிட்டில், உலகப் பொன் விலையை மாற்றிப் பார்ப்போம். கடைக் கூலியும் சேதாரமும் இதில் சேரவில்லை. 1980 இன் சராசரி விலைப்படி ஒரு கிராம் ஏறத்தாழ 43 ரிங்கிட். 2000 இல் ஒரு கிராம் ஏறத்தாழ 34 ரிங்கிட். இருபதாண்டு காத்திருந்தும் விலை இறங்கிற்று! அக்காலத்தில் மலேசியாவின் பண அளிப்பு பத்து மடங்குக்கு மேல் பெருகியது. 1998 இல் நம் ரிங்கிட் மதிப்புச் சரிந்து டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்ட பிறகும் இந்நிலை என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சரிவு நேரவில்லையென்றால் 2000 ஆம் ஆண்டு விலை இன்னும் குறைந்திருக்கும்.

அவ்விருபதாண்டில் ஊழியர் சேமநிதி என்ன கொடுத்தது? எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முற்பகுதியிலும் ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு, எட்டரை வீதம். பின்னர் ஆறுவரை இறங்கிற்று. 1980 இறுதியில் இருந்த நூறு ரிங்கிட், ஈவுத்தொகை சேர்ந்து சேர்ந்து 2000 இறுதியில் ஏறத்தாழ 450 ரிங்கிட் ஆகியிருக்கும். அந்நூறு ரிங்கிட்டுக்குப் பொன் வாங்கியிருந்தால் கையில் எண்பது ரிங்கிட்டுக்கும் குறைவான பொன். 1980 இல் விலை ஏற்றத்தைக் கண்டு அச்சத்தில் பொன் வாங்கிய தோட்டத் தொழிலாளி ஒருவர், தம் மகள் திருமணத்துக்கு அதனை அணிவித்தார் என்றால் நல்லதே. முதுமைக்கு அதனை நம்பினார் என்றால் இருபதாண்டு ஏமாற்றம் அடைந்தார்.

நடுநிலை தவறக்கூடாது என்பதற்காக அடுத்த இருபதாண்டையும் சொல்லுகிறேன். 2000 முதல் 2020 வரை சேமநிதி ஏறத்தாழ மூன்று மடங்கு கொடுத்தது. பொன்னோ 34 இலிருந்து ஏறத்தாழ 239 ரிங்கிட் ஆயிற்று, ஏழு மடங்கு. முன்னைய இருபதாண்டில் தோற்றது பின்னைய இருபதாண்டில் வென்றது. நாற்பதாண்டையும் சேர்த்தால் பொன் ஐந்தரை மடங்கு, சேமநிதி பதின்மூன்று மடங்கு. நாற்பதாண்டு உழைத்தவரின் முழுக்கணக்கு இதுவே.

பொன்னை இறக்கியதும் ஏற்றியதும் யாவை? எண்பதுகளில் இறக்கியது வட்டி. அமெரிக்க மைய வங்கியின் தலைவராக 1979 இல் வந்த பால் வால்க்கர், விலைவாசியை அடக்க வட்டியை நூற்றுக்கு இருபது வீதம் அளவுக்கு உயரவிட்டார். பொன் வட்டி ஈனாத பொருள். விலைவாசியைக் கழித்த பின்னும் வங்கி நல்ல வட்டி தரும்போது, வட்டியில்லாப் பொருளைப் பூட்டி வைப்பார் குறைவர். தொண்ணூறுகளில் அரசாங்கங்களே பொன்னை வேண்டாத சுமையாகக் கருதின. இங்கிலாந்து அரசாங்கம் 1999 மே மாதத்தில் விற்பனையை அறிவித்து, 2002 வரை ஏறத்தாழ 395 டன்னைச் சராசரி 275 டாலர் விலையில் விற்றது. அது பொன்னின் வரலாற்றில் மிக மலிவான காலங்களுள் ஒன்று. (கருவூல அறிஞர்களும் நம்மைப்போலவே காலந் தவறுகின்றனர் என்பதில் ஒரு சிறு ஆறுதல்.) பின்னர் அமெரிக்க வட்டி இறங்கி, 2008 இன் நெருக்கடிக்குப் பிறகு ஏறத்தாழச் சுழியத்தில் நின்றது, பொன் ஏறிற்று.

பண அளிப்பை மட்டுமே காரணமாகச் சொல்வார்க்கு அண்மைக் காலத்திலேயே ஒரு கடினமான சோதனை வந்தது. 2022 இறுதிக்கும் 2023 இறுதிக்கும் இடையில் அமெரிக்காவின் பண அளிப்பு குறைந்தது. அந்நாட்டில் 1930களுக்குப் பின் இத்தகைய குறைவு காணப்படவில்லை. வட்டியும் ஏறியிருந்தது. பழைய விதிகள் இரண்டின்படியும் பொன் வீழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வாண்டில் பொன் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கும் மேல் ஏறிற்று. 2022 இல் உருசியாவின் வெளிநாட்டு இருப்புகள் முடக்கப்பட்ட பின், தம் இருப்பு பிறர் கையில் இருப்பதை விரும்பாத பல மைய வங்கிகள் பொன்னைத் தாமே வாங்கிச் சேர்த்தன. 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல். உலகச் சுரங்கங்கள் ஓராண்டில் எடுக்கும் பொன் ஏறத்தாழ 3,600 டன் என்பதை நினைத்தால் இதன் வலிமை விளங்கும். 2025 அக்டோபரில் அவுன்சு 4,000 டாலரைத் தாண்டிற்று. இவ்வேற்றத்தை நோட்டு அச்சடிப்பு என்று சொல்லி முடித்துவிட முடியாது.

அப்படியானால் பண அளிப்புக்கும் பொன்னுக்கும் உறவே இல்லையா? உண்டு, அதனை மறுப்பதும் பிழையாகும். மண்ணுக்கு மேலுள்ள பொன் முழுவதும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் டன்னுக்குச் சற்று மேல். ஆண்டுதோறும் சுரங்கம் சேர்ப்பது அதில் நூற்றுக்கு இரண்டு வீதம்கூட இல்லை. பத்தாண்டுக்கு ஐந்து மடங்கு என்ற இந்தியப் பணத்தின் பெருக்கமோ ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினேழு வீதம். ஒன்று ஊற்றுநீர், மற்றொன்று வெள்ளம். இந்நிலை நீடித்தால் நெடுங்காலத்தில் வெள்ளத்தின் மதிப்புக் குறைந்து ஊற்றின் மதிப்பு நிலைப்பதே இயல்பு. பொருள் பெருக்கத்தையும் வங்கிப் பழக்கத்தையும் கழித்தபின் மீதமாகும் பணப்பெருக்கம் விலைவாசியை ஏற்றும். அவ்விலைவாசிக்குப் பொன் நெடுங்காலத்தில் ஈடுகொடுக்கும். இவ்வளவுதான் புள்ளிகள் சொல்வது. அந்த 'நெடுங்காலம்' எவ்வளவு என்பதில்தான் சிக்கல். 1980 இல் இந்தியாவில் வாங்கிய பொன், 2000 இல் தன் வாங்கும் திறனில் ஏறத்தாழப் பாதியை இழந்திருந்தது. விலைவாசி ஐந்தரை மடங்காகப் பொன் மூன்று மடங்கும் எட்டவில்லை. முப்பது வயதுக்காரர் இருபதாண்டு காத்திருக்கலாம். ஐம்பத்தைந்து வயதுக்காரர்?

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிறு மாலையில் அன்பருக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு, "அப்படியென்றால் பொன் இறங்குமா ஐயா?" என்று கேட்டார். "அது எனக்குத் தெரியாது தம்பி, இந்தப் படத்தை வரைந்தவருக்கும் தெரியாது," என்றேன். சேமநிதியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பேத்திக்கு மட்டும் ஒரு பவுனில் காப்பு வாங்குவதாகச் சொல்லிச் சென்றார். எழுதிக் காட்டிய தாளை மறக்காமல் எடுத்துச் சென்றார். தொழிற்சாலையில் இன்னும் மூவர் அதே எண்ணத்தில் இருக்கிறார்களாம்.